அக்காவின் முடி "பிளாக்" இல்லை

போன மாதம் நம் குடும்பக் குரூப்பில் நடந்த கூத்தை உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பார்த்ததோடு நிற்கவில்லை, கலந்துகொள்ளவும் செய்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். குரூப்பில் எழுதினால் கீழே நாலு பூங்கொத்துப் படம் போட்டு மூடிவிடுவீர்கள் என்று தெரியும். இங்கே என் பழைய மாணவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகள், தன் அம்மாவுக்குக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்-400 என்ற படிவம். அதில் உயரம், எடை, கண் நிறம் எல்லாம் கேட்டுவிட்டு முடியின் நிறத்தையும் கேட்கிறார்கள். அவள் அக்காவின் ஒரு போட்டோவைக் குரூப்பில் போட்டு, "சித்தி, அம்மாவுக்கு என்ன கலர்னு போடட்டும்?" என்றாள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பதினொரு பதில் வந்துவிட்டது. பத்துப் பேர் "பிளாக்". ஒருவர் மட்டும் "பிளாக்தான், இதுல என்ன சந்தேகம்?"

அக்காவுக்கு எழுபத்தொரு வயது. நாற்பத்தைந்தில் நரைக்க ஆரம்பித்தது. பதினைந்து வருஷமாக மருதாணிப் பொடி போடுகிறாள். அந்தத் தலையில் கறுப்பு எங்கே இருக்கிறது என்று அந்தப் பதினொரு பேரில் யாராவது எனக்குக் காட்டட்டும்.

முப்பத்திரண்டு வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மனித முகம் வரையும் வகுப்பில், முடி வந்ததும் நேராகக் கறுப்பு டியூபைப் பிதுக்கினால் பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துவிடுவேன். பர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்து பாருங்கள், எது கூடக் கலந்தால் எந்தத் தலை வருகிறது என்று பாருங்கள் என்பேன். அன்றைக்கு எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. "டீச்சர், எல்லாருக்கும் கறுப்பு முடிதானே." இன்றைக்கும் அதே பதில்தான். டியூபுக்குப் பதிலாகப் போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்வது ஒன்றுதான். "கறுப்பு" என்று நீங்கள் எழுதியது போட்டோவைப் பார்த்து எழுதியது இல்லை. அது பழக்கம். வயதானவர்கள் விஷயத்தில் அது ஒரு மரியாதையும்கூட. நரை என்று எழுதினால் அக்கா வருத்தப்படுவாள் என்ற நல்ல எண்ணம். நல்ல எண்ணம் வீட்டில் இருக்கட்டும். ஒரு ஆளை அடையாளம் சொல்லுங்கள் என்று கேட்கிற இடத்தில் அது பொய்யாகிவிடுகிறது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே வாரத்தில் மதுரையில் பார்லர் வைத்திருக்கும் என் பழைய மாணவி போன் செய்தாள். பேத்தி கல்யாணத்துக்கு அக்கா வரும்போது தலைக்குச் சாயம் போட ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தோம். அவள் முன்கூட்டியே விவரம் கேட்டிருக்கிறாள். நம் வீட்டிலிருந்து போன பதில் "பிரவுன் மாதிரிதான் இருக்கும்மா". படிவத்துக்குப் பிளாக், பார்லருக்குப் பிரவுன். ஒரே தலை, ஒரே போட்டோ! அவள் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், பிரவுன்னா எனக்கு எட்டு டப்பா இருக்கு. எதை எடுக்க?"

அவள் கடையில் போய் உட்கார்ந்து ஷேட் கார்டைப் பார்த்தேன். சின்னச் சின்ன முடிக் கற்றைகளை வரிசையாக ஒட்டி வைத்த அட்டை. அதில் ஒன்று முதல் பத்து வரை எண் இருக்கிறது. அந்த எண் நிறத்தைச் சொல்வதில்லை, எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதைத்தான் சொல்கிறது. ஒன்று கறுப்பு. இரண்டு மிக அடர்ந்த பழுப்பு. மூன்று அடர் பழுப்பு. நான்கு பழுப்பு. ஐந்து இளம் பழுப்பு. ஆறிலிருந்து பிளாண்ட் ஆரம்பிக்கிறது. பத்து மிக வெளிறிய பிளாண்ட். நம்மில் "எனக்குக் கன்னங்கரேல்னு முடி" என்பவர்களில் பலர் உண்மையில் இரண்டு. அந்த அட்டையில் ஒன்றாம் எண் கற்றையைத் தலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கறுப்பு என்றால் என்னவென்று தெரிகிறது. என் பேரன் சினிமாக்காரரைப் பார்த்து "லைட் பிரவுன்" என்று சொல்லிக்கொண்டிருந்த தலை, அட்டையில் ஆறாம் எண்ணில் இருக்கிறது. அதாவது அடர் பிளாண்ட்.

அந்த எண்ணுக்குப் பிறகு ஒரு புள்ளியோ சாய்கோடோ போட்டு இன்னொரு எண் வரும். அது சாயல். பல பிராண்டுகளில் ஒன்று என்றால் சாம்பல் சாயல், மூன்று என்றால் பொன் சாயல், நான்கு என்றால் செம்புச் சாயல். கம்பெனிக்குக் கம்பெனி இந்த இரண்டாவது எண் மாறும் என்று அவளே எச்சரித்தாள். ஆகவே எண்ணைச் சொன்னாலும் பக்கத்தில் "செம்பு", "சாம்பல்" என்று வார்த்தையாகவும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, முடியின் நிறம் என்றால் ஒரு வார்த்தை போதாது. எவ்வளவு இருட்டு, என்ன சாயல், எந்த இடத்தில் எவ்வளவு நரை. இந்த மூன்றையும் சொன்னால்தான் அது விவரம். நம் தமிழில் இதற்கு வார்த்தை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். செம்பட்டை என்று ஒரு வார்த்தை எவ்வளவு துல்லியம்! இருட்டு குறைந்து சிவப்புச் சாயல் ஏறிய முடி. அதை வசவாக்கி, பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளை அழவைத்து, நல்ல வார்த்தையைக் கெடுத்து வைத்தது நாம்தான். நரை, இளநரை என்ற வார்த்தைகளையும் அதேபோல் நோயின் பெயர் மாதிரி ஆக்கிவிட்டோம். வார்த்தை கூசுவதால் எல்லாரும் "பிளாக்" என்ற ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்கிறீர்கள்.

சரி, அக்காவின் போட்டோவுக்கு வருவோம். குரூப்பில் வந்த முதல் படம் அவள் வீட்டுச் சமையலறையில் இரவில் எடுத்தது. பார்த்தவுடன் என் தம்பி மகன் "கோல்டன் பிரவுன் மாதிரி தெரியுதே அத்தை" என்றான். பதினொரு பேரைவிட அவன் பரவாயில்லை, பார்த்துவிட்டாவது சொன்னான். ஆனால் அவன் முடியை மட்டும் பார்த்தான். பின்னால் நிற்கும் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. அது வெள்ளை ஃபிரிட்ஜ் என்று எனக்குத் தெரியும். படத்தில் அது வெண்ணெய் நிறத்தில் இருந்தது. அப்படியானால் விளக்கின் மஞ்சள் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது, அக்காவின் நரை மேலும் சேர்த்து. அவன் "கோல்டன்" என்றது பல்பின் நிறத்தை.

போட்டோவைப் பார்த்து நிறம் சொல்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதுதான்: அந்தப் படத்தில் வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த பொருள் எது, அது வெள்ளையாகத் தெரிகிறதா? சுவர், பல், வேட்டி, காகிதம், எதுவானாலும் சரி. அது மஞ்சளாக இருந்தால் முடியையும் நம்பாதீர்கள். நீலம் அடித்திருந்தாலும் நம்பாதீர்கள். நிழலில் எடுத்த படங்களில் அந்த நீலம் ஏறும். நரை கலந்த தலை அதில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும்.

வெயிலில் எடுத்த படம் இன்னொரு ஏமாற்று. வெயில் முடிக்குப் பின்னாலிருந்து வரும்போது ஓரத்து இழைகளுக்குள் ஒளி புகுந்து சிவப்பாக ஜொலிக்கும். இரண்டாம் எண் தலைகூட ஓரத்தில் செம்பாகத் தெரியும். அந்த செல்ஃபியைக் காட்டி "எனக்கு நேச்சுரல் பிரவுன்" என்று பார்லரில் சண்டை போடுகிற பெண்களைப் பற்றி என் மாணவி ஒரு கதை வைத்திருக்கிறாள். எண்ணெய் தேய்த்த தலையும் ஈரத் தலையும் நேர்மாறு. இருக்கிற இருட்டைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அதனால் அக்கா மகளிடம் மறுபடி எடுக்கச் சொன்னேன். தலை குளித்துக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. பகலில் ஜன்னல் ஓரம், ஆனால் நேர் வெயில் படாத இடம். வீட்டு விளக்குகளை அணைத்துவிட வேண்டும், ஃபிளாஷ் வேண்டாம். போனில் முகத்தை அழகாக்குகிற வித்தை எதுவும் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். தலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்க வேண்டும். மூன்று படம்: வகிடு மேலிருந்து, நெற்றிப்பொட்டுப் பக்கம், பின்னந்தலையில் மேல் முடியைத் தூக்கிவிட்டு உள்ளே. "சித்தி, பாஸ்போர்ட் போட்டோவுக்குக்கூட இவ்வளவு இல்லை" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் எடுத்து அனுப்பினாள்.

தாள் வெள்ளையாக இருந்தது. இப்போது தலை பேச ஆரம்பித்தது.

வகிட்டில் வேரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வெள்ளை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே கடைசியாக மருதாணி போட்டு ஆறு வாரம் ஆகியிருக்கும். அந்த வேர்ப் பகுதியில் முன்பக்கம் பத்து இழையில் எட்டு வெள்ளை. பின்னந்தலையில் பத்துக்கு மூன்றுதான். இனி நீளத்துக்கு வாருங்கள். முன்பக்கம் முழுக்க ஆரஞ்சு. அட்டையில் ஏழாம் எண் வெளிச்சம், செம்புச் சாயல். பின்பக்கம் அடர் பழுப்பு, மூன்றாம் எண், ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

ஒரே பொடி போட்ட தலையில் ஏன் இரண்டு நிறம்? மருதாணி முடியை வெளுக்க வைக்காது. உள்ளே இருக்கும் கருமையை எடுக்காது, இருப்பதன் மேல் ஒரு செம்மஞ்சளைப் பூசும், அவ்வளவுதான். வெள்ளை இழை மேல் பூசினால் அந்தச் செம்மஞ்சள் முழுதாகத் தெரியும். கரிய இழை மேல் பூசினால் வெயிலில் மட்டும் ஒரு மினுக்கு. வெள்ளைத் தாளிலும் பழுப்பு அட்டையிலும் ஒரே ஆரஞ்சு வாட்டர் கலரை இழுத்துப் பார்த்தவர்கள் என் வகுப்பில் ஐம்பது பேராவது இருப்பீர்கள். அதேதான்.

இதை மாணவிக்கு அனுப்பியதும் அவள் சொன்னது: "டீச்சர், நல்லவேளை. வெறும் பிரவுன்னு நம்பி தலை முழுக்க நாலாம் நம்பர் போட்டிருந்தா மூணு பட்டையா வந்திருக்கும்." வேரில் வெள்ளை முடி சாயத்தை ஒரு மாதிரி வாங்கும். ஆரஞ்சுப் பகுதியில் அந்த ஆரஞ்சு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பின்பக்கம் ஏற்கெனவே மூன்று, அங்கே நாலாம் எண் போட்டால் ஒன்றுமே தெரியாது. ஆரஞ்சை அடக்க நீலம் கலந்த சாம்பல் சாயல் வேண்டும். ஆரஞ்சுக்கு எதிரே நீலம் என்று வண்ணச் சக்கரத்தில் மனப்பாடம் செய்தீர்களே, அது இங்கேதான் உதவுகிறது. ஆகவே வேருக்கு ஒரு கலவை, நீளத்துக்கு ஒரு கலவை.

அதைவிட முக்கியமாக அவள் கேட்டது, "மருதாணிப் பாக்கெட் என்ன, அதுல வேற என்ன இருக்கு?" என்பது. வெறும் மருதாணி இலைப்பொடி என்றால் பயமில்லை. சில கலவைப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். பார்லர் சாயத்தில் பெராக்சைடு உண்டு. இரண்டும் சந்தித்தால் முடி சூடேறி, நாற்றமடித்து, இழை அறுந்துபோகும். அதனால் அவள் அக்கா வந்ததும் முதலில் நாலைந்து இழையை வெட்டி, பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த கிண்ணத்தில் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தாள். சூடு வரவில்லை, நாற்றம் இல்லை. பிறகுதான் தலையில் கை வைத்தாள். "பிரவுன்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மருதாணி என்ற செய்தி எங்கேயாவது இருக்கிறதா? போட்டோவிலும் இருக்காது. அதனால்தான் விவரத்தோடு நாலாவதாக ஒரு வரியும் எழுத வேண்டும்: தலையில் இதுவரை என்ன போட்டிருக்கிறது, கடைசியாக எப்போது.

இனி படிவம். அதில் ஒன்பது கட்டங்கள்தான்: பால்ட், பிளாக், பிளாண்ட், பிரவுன், கிரே, ரெட், சாண்டி, ஒயிட், கடைசியில் அன்னோன் அல்லது அதர். இதில் ஒன்றைத்தான் தொட முடியும். "பிறகு உன் மூன்று விவரமும் எதுக்கு?" என்று அத்தான் கேட்டார். ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான். விவரமாகப் பார்த்துவிட்டுச் சுருக்குவது வேறு, பார்க்காமலே சுருக்குவது வேறு.

நான் "கிரே" என்றேன். காரணம் இது. முன்பக்க வேரில் பத்துக்கு எட்டு, பின்பக்கம் மூன்று. தலை மொத்தத்தில் வெள்ளையும் கருமையும் கலந்திருக்கிறது, எனவே ஒயிட் இல்லை. ஆரஞ்சு அடுத்த மாதம் மாறும், கல்யாணத்துக்கு மாறும். மாறாமல் மாதாமாதம் வளர்ந்து வருவது வேர். நாளாகக் கோப்பில் கிடக்கப்போகிற காகிதத்தில் வேரைத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. தொடர்ந்து சாயம் போடப்போகிறாள் என்றால் "பிரவுன்" என்று போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். அவளை நேரில் பார்க்கிற அதிகாரி பார்க்கப்போவது அதைத்தான் என்று வாதிட இடமிருக்கிறது. "பிளாக்" என்று போட்டால் சண்டைக்கு வருவேன். அதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

ஆனால் எல்லாக் காகிதத்துக்கும் வேர் பொருந்தாது. நாலு வருஷத்துக்கு முன் என் மாணவர் ஒருவரின் அப்பா ஞாபக மறதியால் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டார். பிள்ளைகள் பதறி, கையில் கிடைத்த பழைய கல்யாணப் போட்டோவை வைத்து, "முடி: கறுப்பு" என்று அறிவிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்பினார்கள். நானும் அதை வாங்கி நாலு பேருக்கு அனுப்பினேன், படிக்காமலே. அவருக்குத் தலை முழுக்க வெள்ளை, அதுவும் அப்போதுதான் ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் கழித்து, பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் அவருடைய கட்டம்போட்ட சட்டையை வைத்துக் கண்டுபிடித்தார். முந்தின நாள் மாலையே அவரைப் பார்த்தாராம். "கறுப்பு முடின்னு போட்டிருந்துச்சு, அதான் இவரா இருக்காதுன்னு விட்டுட்டேன்." அந்த இரவை அந்த வார்த்தைதான் அவருக்குக் கொடுத்தது. இப்படி இன்றைக்கே ஒருவரைத் தேடுகிற காகிதத்தில், இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைத்தான் எழுத வேண்டும். சாயமென்றால் சாயத்தின் நிறம், வேர் வெளுத்திருந்தால் அதையும் சேர்த்து, வெட்டின விதத்தையும் சேர்த்து.

அதனால் "முடிதானே, இதுக்குப் போய் டீச்சர் இவ்வளவு நீட்டுறாங்க" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? முதலில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "கவர்மெண்ட் காகிதத்துல என்னைக் கிழவின்னு எழுத வச்சுட்டியாடி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்லரில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, என் மாணவி வகிட்டைப் பிரித்துக் காட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ்வளவு வெள்ளையா இருக்கு. நல்லா பளபளன்னு இருக்கே" என்றாள். பிறகு, "முன்னாடி மட்டும் கொஞ்சம் விட்டுடும்மா" என்றாள்.

விட்டாள். நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலம் வெள்ளை, மற்றதெல்லாம் அடர் பழுப்பு, சாம்பல் சாயல். கல்யாணப் போட்டோவில் பாருங்கள். மண்டபத்து விளக்கு மஞ்சள், எனவே பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் வேட்டியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அக்காவின் தலையைப் பாருங்கள்.

கமெண்டில் யாராவது "பிளாக்" என்று எழுதினால் அழித்துவிடுவேன்.